வகுப்பு வாசலில் நிற்க அந்த அரை மணித்தியாலத்தை விட்டுத்தாருங்கள்

மலையகக் கல்வி வலயங்களின் பணிப்பாளர்களுக்கும், தமிழ்மொழிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பிறகு ஆசிரிய ஆலோசகராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்பதற்காக இதை எழுதுகிறேன். காலையில் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும் நேரத்தில் வகுப்பாசிரியர் வகுப்பு வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்று உள்ளே அனுப்ப வேண்டும். அதற்காக 7.20 முதல் முதலாம் பாடவேளை தொடங்கும் வரை அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

இதற்குக் காசு தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. அப்படியிருந்தும் ஏன் நடப்பதில்லை என்றால், அந்த நேரத்தில் நமது ஆசிரியர் வேறு எங்கோ இருக்கிறார். கையொப்பப் பதிவேட்டுக்காகக் காரியாலயத்தில் வரிசையில் நிற்கிறார். வசதிக் கட்டணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதுகிறார். வலயத்துக்கு அனுப்ப வேண்டிய ஏதோ ஒரு படிவத்தை அதிபர் அவசரமாகக் கேட்டிருப்பார். பிள்ளைகள் ஆளில்லாத வகுப்புக்குள் போய் உட்காருகிறார்கள். கதிரைக்குச் சண்டை, பேனைக்குச் சண்டை, நேற்று லயத்தில் இரண்டு வீட்டுக்காரர் போட்ட சண்டையின் மிச்சம், எல்லாம் அந்த நேரத்தில்தான் வகுப்புக்குள் வருகின்றன. ஆசிரியர் வந்து சேரும்போது வகுப்பின் மனநிலை ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. முதல் பாடவேளையின் பெரும்பகுதி அதைச் சமாளிப்பதில் போய்விடுகிறது.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு வணக்கம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். ஆசிரியர் உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து நின்று இழுத்து இழுத்து 'குட் மோர்னிங் டீச்சர்' சொல்கிறது. அவர் கையைக் காட்ட எல்லோரும் உட்காருகிறார்கள். அது நல்ல பழக்கம்தான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது நாற்பது பேர் ஒருவருக்குச் சொல்லும் வணக்கம். கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை வாயை மட்டும் அசைத்துவிட்டு உட்காரலாம். அந்தப் பிள்ளையின் முகத்தை அன்று முழுவதும் யாரும் பார்க்காமலே பாடசாலை விட்டுவிடலாம். வாசலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே ஒருவர் நாற்பது பேருக்கு, தனித்தனியாக, வணக்கம் சொல்கிறார்.

இது வெறும் புன்னகையும் நல்ல மனமும் மட்டும் அல்ல. இதற்கு ஒரு முறை இருக்கிறது, அது ஆராயப்பட்டும் இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் ஆல்டே, பாக்குரார் என்ற இருவர், பாடம் தொடங்கியும் வேலையில் இறங்காத மூன்று நடுநிலைப் பள்ளி மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் வாசலில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாடத்தின் முதல் 10 நிமிடத்தில் அவர்கள் வேலையில் ஈடுபட்ட அளவு சராசரியாக 45 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாகக் கூடியது. பிறகு 2018இல் கிளேட்டன் குக்கும் அவருடைய குழுவினரும் 10 வகுப்புகளில் 203 மாணவர்களை வைத்து இதை விரிவாகச் செய்து பார்த்தார்கள். கற்றலில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, குழப்படி 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஐந்து மணித்தியாலப் பாடசாலை நாளில் இது ஒரு மணித்தியாலத்துக்குச் சமம் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

இந்த எண்களை அப்படியே தூக்கி நமது பாடசாலைகளில் வைக்க முடியாது. அவை அமெரிக்காவின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகள். அந்த ஆசிரியர்களுக்கு முன்பே பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. அவர்கள் அளந்தது பிள்ளை வேலையில் ஈடுபட்ட நேரத்தையே தவிர, பரீட்சைப் புள்ளியை அல்ல. இருந்தாலும் அவர்கள் செய்த வேலையின் படிகள் நமக்கு அப்படியே உதவும். அதை நான் ஒரு வகுப்பில் ஒரு தவணை முழுவதும் கிட்ட இருந்து பார்த்தேன்.

அது ஒரு தரம் 6. தரம் 6ஐ நான் வேண்டுமென்றே எடுத்துச் சொல்கிறேன். தோட்டத்தில் தரம் 5 வரை உள்ள சின்னப் பாடசாலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். டீச்சருக்குப் பிள்ளையின் தாத்தாவைக்கூடத் தெரியும். அங்கேயிருந்து பிள்ளை டவுன் பாடசாலைக்கு வருகிறது. ஐந்து தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில். பஸ்ஸில் வருகிற பிள்ளை, மேல் டிவிஷனிலிருந்து நடந்து வருகிற பிள்ளை, கடைக்கார வீட்டுப் பிள்ளை எல்லாம் கலந்திருக்கும். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுகிறார். முதல் தவணை முடிகிற வரைக்கும் 'ஏய், பச்சைச் சுவெட்டர்' என்று கூப்பிடப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியை விட்டு விலகும் எண்ணம் பல பிள்ளைகளுக்குள் முளைப்பது தரம் 9இல் அல்ல, இங்கேதான் என்பது என் கருத்து.

அந்த வகுப்பாசிரியை கணிதம் படிப்பிப்பவர். முதல் வாரம் அவர் பெயர்களை மட்டும் படித்தார். இருக்கை வரைபடம் ஒன்றைக் கதவு நிலையின் உட்பக்கம், தன் கண் மட்டத்தில் ஒட்டிக்கொண்டார். பிள்ளை வரும்போது ஓரக்கண்ணால் பார்த்தால் பெயர் கிடைக்கும். நிற்கும் இடமும் முக்கியம். ஒரு கால் வராந்தாவில், ஒரு கால் வகுப்புக்குள். அப்போது வருகிறவர்களும் தெரிவார்கள், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்தவர்களும் தெரிவார்கள். முழுக்க வெளியே நின்றால் உள்ளே சந்தை கூடிவிடும். இரண்டு கதவில் ஒன்றைச் சாத்திவிடுவார், பிள்ளைகள் ஒவ்வொருவராகத்தான் வர முடியும்.

ஒரு பிள்ளைக்கு நாலைந்து வினாடிதான். பெயர், ஒரு பார்வை, ஒரு சின்ன வார்த்தை, அப்புறம் உள்ளே என்ன வேலை காத்திருக்கிறது என்ற தகவல். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். வாசலில் அன்பாகப் பேசி அனுப்பிய பிள்ளை உள்ளே போய்ச் செய்ய ஒன்றும் இல்லாமல் நின்றால், அந்த வணக்கம் அரை நிமிடத்தில் கரைந்துவிடும். அதனால் அவர் 7.15க்கே வந்து கரும்பலகையில் மூன்று கணக்கு எழுதிவிடுவார். மூன்றும் முதல் நாள் செய்தவை போன்றவை, யாருக்கும் உதவி தேவைப்படாதவை. கடினமான கணக்கு எழுதினால் பிள்ளைகள் எழுந்து வந்து சந்தேகம் கேட்பார்கள், வாசலை விட்டு நகர வேண்டிவரும்.

அந்த வகுப்பில் மேல் டிவிஷன் பையன் ஒருவன் இருந்தான். கவி என்று வைத்துக்கொள்வோம். பின்னால் உட்காருவான், கொப்பியைத் திறக்க மாட்டான், முன்னால் இருக்கிறவனைச் சீண்டுவான். ஒரு நாள் கவராயத்தால் பக்கத்துப் பிள்ளையின் கையைக் குத்திவிட்டான். ஆசிரியை அன்றே அதற்கான நடவடிக்கையை எடுத்தார், பெற்றோருக்கும் தகவல் போனது. அடுத்த நாள் காலை அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். இந்த இடத்தில் நம்மில் பலர் சொல்வது 'இண்டைக்காவது ஒழுங்கா இரு' என்பது. அது பிள்ளைக்கு நேற்றையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. அவர் சொன்னது வேறு: "கவி, வந்திட்டியா, நல்லது. முதல் கணக்கு நேத்து நீ சரியாச் செஞ்ச மாதிரிதான். முடிச்சிட்டுக் கொப்பியை எனக்குக் காட்டு மகன்." குரல் அவனுக்கு மட்டும் கேட்கும் அளவு. நேற்றைய தண்டனை நேற்றோடு முடிந்தது, இன்றைக்கு உனக்கு ஒரு வேலை இருக்கிறது, அது உன்னால் முடியும். இந்த மூன்றும் அதில் இருந்தன. பிழை நடந்த பிறகு திருத்துவதற்குப் பதில், நடக்க வேண்டியதை நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் ஆய்வாளர்கள் செய்து பார்த்த முறையிலும் முக்கியமான படி.

எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். சில நாட்களில் அவன் பதில் சொல்லாமல் அவரைக் கடந்து போனான். அவர் திருப்பிக் கூப்பிட்டு 'வணக்கம் சொல்லத் தெரியாதா' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசல் பிள்ளையிடம் மரியாதையை வாங்கும் இடமாக மாறியிருக்கும். அந்தத் தவணையில் அவனுடைய கணிதப் புள்ளி பெரிதாக ஏறவுமில்லை. மாறியது பாடத்தின் தொடக்கம். மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை கொப்பியைத் திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்று அவர் தனது பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதி வந்தார். தொடக்கத்தில் பாடவேளையின் கால்வாசி அதற்கே போனது. தவணை முடியும்போது இரண்டு மூன்று நிமிடமாக வந்திருந்தது. பல நாட்களில் அந்தக் கடைசிப் பிள்ளை கவியாக இருக்கவில்லை.

வாசலில் நிற்கிறவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஜூன், ஜூலை மழையில் பிள்ளை எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சப்பாத்து ஊறியிருக்கும், காலில் அட்டை கடித்த இரத்தம் வழியும். இரவு வீட்டில் சண்டை என்றால் கண் வீங்கியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த பிறகு மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு இறங்கிய குடும்பத்துப் பிள்ளைகள், மழை இருட்டினாலே நடுங்குகிறார்கள். இவை எல்லாம் வாசலில் முகத்துக்கு முகம் பார்க்கும்போது தெரியும், நாற்பது தலைகளாகப் பார்க்கும்போது தெரியாது. ஆனால் தெரிந்ததை அங்கேயே கேட்கக்கூடாது. 'சாப்பிட்டியா' என்ற கேள்வி நம் ஊரில் அன்பான கேள்வி. பசியோடு வந்த பிள்ளையிடம், பின்னால் ஐந்து பேர் நிற்கும்போது அதைக் கேட்டால், 'ஓம் டீச்சர்' என்று பொய் சொல்ல வைக்கிறோம். பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வேலையில் இறங்கிய பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கைகுலுக்கு, கட்டிப்பிடி, கையைத் தட்டு என்று படம் போட்ட அட்டைகளைக் கதவில் ஒட்டி, பிள்ளை ஒன்றைத் தெரிவு செய்யும் காணொளிகள் எல்லோருடைய போனிலும் வருகின்றன. தரம் 1, 2க்கு அது அழகு. தரம் 6க்கு மேல் அது வேண்டாம் என்பேன். தொடுவதைப் பிள்ளைகள் எல்லோரும் விரும்புவதில்லை, பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆண் ஆசிரியர் இதில் கட்டாயம் தள்ளி நிற்க வேண்டும். கை கூப்பினால் போதும், தலை அசைத்தால் போதும். வேலை செய்வது பெயரும் பார்வையும் அந்தச் சின்ன வார்த்தையும்தான்.

சரி, கதவே இல்லாத பாடசாலைக்கு என்ன செய்வது? பழைய தோட்டப் பாடசாலைகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. எழுபதுகளில் அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பிறகு பல இடங்களில் புதுக் கட்டடங்கள் வந்தன. ஆனாலும் அரைச் சுவர் வைத்த ஒரே நீண்ட மண்டபத்தில் மூன்று நான்கு வகுப்புகள் நடக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அலுமாரியும் கரும்பலகையும்தான் அங்கே சுவர். அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நுழைவு இடத்தை நிரந்தரமாகக் குறிக்க வேண்டும். இரண்டு வாங்குகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு, அந்த வழியாக மட்டும்தான் வகுப்புக்குள் போகலாம் என்று பழக்கினால், ஒரு வாரத்தில் அது வாசலாகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மண்டபத்தில் ஒரு வகுப்பு மட்டும் இதைச் செய்தால் பக்கத்து வகுப்பின் இரைச்சலில் அது மூழ்கிப்போகும். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். அது ஆசிரியர் ஒருவரின் முடிவாக இருக்க முடியாது, அதிபரின் முடிவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு தரத்தைச் சேர்த்துப் படிப்பிக்கும் ஆசிரியர் ஒரே இடத்தில் நின்று இரண்டு தரத்துப் பிள்ளைகளையும் வரவேற்கலாம், அதில் சிரமம் இல்லை. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இரண்டு வேலை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியரே பிந்தி வருகிற பாடசாலைகளும் இருக்கின்றன. டவுனிலிருந்து வரும் ஒரே பஸ் 7.30க்குத்தான் சந்திக்கு வருகிறது, அதிலிருந்து ஏறி நடக்க வேண்டும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அது பஸ்ஸின் நேரம். அப்படியான இடத்தில், பக்கத்தில் குடியிருக்கும் ஆசிரியரோ அதிபரோ அந்த வகுப்பின் வாசலில் நிற்கலாம். மாணவ தலைவரை நிறுத்த வேண்டாம். பிள்ளைகளுக்கு அது வரவேற்பாகத் தெரியாது, காவலாகத்தான் தெரியும்.

இப்போது பிந்தி வரும் பிள்ளை. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. 7.30 மணி அடித்ததும் படலை சாத்தப்படுகிறது. பிந்தியவர்கள் வெளியே நிற்கிறார்கள். தேசிய கீதமும் மதவழிபாடும் முடிந்த பிறகு மாணவ தலைவர்கள் பெயர் எழுதுகிறார்கள். சில இடங்களில் முழங்காலில் நிற்க வைக்கிறார்கள், சில இடங்களில் பூந்தோட்டத்தில் புல் பிடுங்கச் சொல்கிறார்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை சொல்லி எத்தனையோ வருடமாகிவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளை, பாடம் பாதியில் இருக்கும்போது, எல்லோரும் திரும்பிப் பார்க்க வகுப்புக்குள் வருகிறது. அந்தப் பிள்ளை ஏன் பிந்தியது? அம்மா காலையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டார். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, தங்கச்சியைத் தோட்டத்துப் பாடசாலையில் விட்டுவிட்டுத்தான் அது நடக்கத் தொடங்கியிருக்கும். பத்து வயதில் இரண்டு பேரைக் கிளப்பிவிட்டு வருகிற பிள்ளைக்குப் படலையில் கிடைப்பது முழங்கால்.

பிந்தி வருவதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தை இடாப்பில் எழுதுங்கள். இடைவேளையில் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் பிந்தினால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் வகுப்பு வாசலில் மற்றப் பிள்ளைக்குக் கிடைத்த அதே வணக்கம் அதற்கும் கிடைக்க வேண்டும். ஆசிரியர் படிப்பித்துக்கொண்டிருந்தால் வாக்கியத்தை முடித்துவிட்டு வாசலுக்கு இரண்டு அடி வரலாம். "வா மகள், இடத்தில் இரு, பக்கம் நாற்பத்திரண்டு." இதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் தேவையில்லை. வாசலில் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை அடுத்த முறை பிந்தினால் பாடசாலைக்கே வராது. அரை மணித்தியாலம் பிந்துவது முழு நாள் வராமையாக மாறுவது இப்படித்தான். பிந்திய பதிவையும் வராத பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல பாடசாலைகளில் இரண்டிலும் அதே பெயர்கள் இருக்கும்.

பணிப்பாளர்களிடம் ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். இது ஒரு சுற்றறிக்கையாக வந்து, மேற்பார்வைப் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேர்ந்துவிட்டால், மூன்று மாதத்தில் செத்துப்போகும். மேற்பார்வைக் குழு வருகிற நாளில் எல்லா வாசலிலும் ஆசிரியர்கள் வரிசையாக நிற்பார்கள், பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் சந்தனம், பூவோடு வரவேற்கப்படுவார்கள். வணக்கம் சொல்கிறாரா என்று பார்க்கப் போகாதீர்கள். முதல் பாடவேளை மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து வகுப்பின் பின்பக்கம் போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு ஆசிரியரிடம் ஏதாவது ஒரு பிள்ளையைக் காட்டிப் பெயர் கேளுங்கள். இந்த இரண்டும் போதும், படிவம் தேவையில்லை.

ஆகவே அதிபர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். 7.20க்குப் பிறகு ஆசிரியர்களைக் காரியாலயத்துக்கு அழைக்காதீர்கள். காசு சேர்ப்பதையும் படிவம் நிரப்புவதையும் இடைவேளைக்கோ பாடசாலை விட்ட பிறகோ தள்ளுங்கள். கையொப்பப் பதிவேடு ஆசிரியர் வந்ததும் கையொப்பம் வைக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும், கூட்டம் சேரும் இடத்தில் வேண்டாம். காலைக்கூட்டம் உள்ள நாளில் பிள்ளைகள் மைதானத்திலிருந்து வகுப்புக்குத் திரும்புவார்கள் அல்லவா, அப்போது ஆசிரியர் அவர்களுக்கு முன்னால் வகுப்பு வாசலுக்குப் போய்விடட்டும்.

இன்னொன்று நேரசூசி. இரண்டாம் நிலைப் பிரிவில் முதல் பாடவேளை கணிதமோ விஞ்ஞானமோ என்பதைப் பார்த்துத்தான் போடுகிறோம். தரம் 6க்கு மட்டுமாவது, முதல் பாடவேளை வகுப்பாசிரியருடைய பாடமாக இருக்கும்படி போடுங்கள். வாசலில் "முடிச்சிட்டு எனக்குக் காட்டு" என்று சொன்னவரே உள்ளே வந்து அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும். அவர் வரவேற்றுவிட்டு வேறு வகுப்புக்குப் போக, இன்னொருவர் வந்து புதிதாகத் தொடங்கினால், மணி அடித்ததும் பாதி வேலை வீண். ஒரு ஆசிரியருக்கு ஐந்து நாளும் முதல் பாடவேளை கொடுக்க முடியாது என்று நேரசூசி போடுகிற ஆசிரியர் சொல்வார். மூன்று நாள் கொடுக்க முடியும், நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருட நேரசூசியை எழுத உட்காரும்போது தரம் 6இன் முதல் கட்டத்தை முதலில் நிரப்பிவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர்,
ஹட்டன்.